டிஸ்லைக் விழுந்தால் அந்த விஷயமே வேண்டாமா? பார்வையாளர்கள் சொல்லும் "வேண்டாம்"களைப் படிப்பது எப்படி

யூடியூபில் ஒரு வீடியோ போடுகிறீர்கள். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு டிஸ்லைக் விழும் இடத்தில் இந்த முறை தொண்ணூறு விழுந்திருக்கிறது. பார்த்ததும் மனசு ஒரே ஒரு முடிவுக்குத்தான் ஓடும்: இந்த விஷயம் நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை, இனி இதைத் தொடவே கூடாது. பல நேரம் இது அவசர முடிவு. அந்தத் தொண்ணூறு பேரும் வீடியோவைக் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் அழுத்தியிருக்கலாம், அதாவது விஷயம் அவர்களுக்கு ரொம்பவே முக்கியம், நீங்கள் சொன்ன பதில்தான் ஒத்துவரவில்லை. இன்னொரு பக்கம், போன வாரம் ஒரு டிஸ்லைக் மட்டும் வாங்கிக்கொண்டு அமைதியாகக் கிடக்கும் வீடியோதான் உங்கள் பார்வையாளர்களுக்குச் சற்றும் பொருந்தாத விஷயமாக இருக்கலாம். அதை நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு விஷயம் நம் பார்வையாளர்களுக்குப் பொருந்துமா என்று முடிவு செய்ய டிஸ்லைக் எண்ணிக்கை மட்டும் போதாது. யார் அழுத்தினார்கள், எவ்வளவு நேரம் பார்த்த பிறகு அழுத்தினார்கள், அழுத்தாமலே கடந்து போனவர்கள் எத்தனை பேர், இந்த மூன்றும் தெரிய வேண்டும். புதிதாகச் சேனல் நடத்துகிறவர்களும் இதைப் பார்க்கலாம், இவற்றை ஓரளவு ஊகிக்கத் தேவையான எண்கள் சேனல் நடத்துகிறவருக்கான யூடியூப் ஸ்டுடியோவிலேயே இருக்கின்றன, என்ன, கொஞ்சம் உள்ளே போய்த் தேட வேண்டும்.

இரண்டு பொத்தான், இரண்டு வேறு பேச்சு

டிஸ்லைக் என்பது வீடியோவுக்குக் கீழே இருக்கும் கட்டைவிரல். அதை அழுத்த வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் உள்ளே வந்திருக்க வேண்டும். தம்ப்நெயிலைப் பார்த்து, கிளிக் செய்து, கொஞ்சமாவது கேட்டுவிட்டு, "இது சரியில்லை" என்று சொல்வதற்காக விரலை நகர்த்தியிருக்கிறார் ஒருவர். அது கோபமாக இருக்கலாம், ஏமாற்றமாக இருக்கலாம், கருத்து வேறுபாடாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த ஆளுக்கு அந்த விஷயத்தில் ஏதோ ஒரு அக்கறை இருக்கிறது.

Not interested அப்படியில்லை. முகப்புப் பக்கத்தில் வீடியோவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் வரும் பட்டியலில் அது இருக்கிறது. அதை அழுத்துகிறவர் வீடியோவுக்குள் வரவே தேவையில்லை. "என் கண்ணில் காட்டாதே" என்று யூடியூபிடம் சொல்கிறார், உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. எத்தனை பேர் அதை அழுத்தினார்கள் என்ற கணக்கு சேனல் நடத்துகிறவருக்குக் காட்டப்படுவதில்லை. அதே பட்டியலில் Don't recommend channel என்று இன்னொன்றும் இருக்கிறது, அது உங்கள் சேனலையே வேண்டாம் என்பது, அந்தக் கணக்கும் நமக்குத் தெரியாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. Not interested அழுத்தியதும் Tell us why என்று யூடியூப் காரணம் கேட்கும். அங்கே இரண்டு பதில்கள்தான்: ஒன்று, இந்த வீடியோவை ஏற்கெனவே பார்த்துவிட்டேன், இன்னொன்று, எனக்கு இந்த வீடியோ பிடிக்கவில்லை. ஆக அந்தப் பொத்தானை அழுத்துகிறவர்களில் ஒரு பகுதியினர் உங்கள் வீடியோவை வேறு எங்கேயோ, ஒருவேளை வாட்ஸப்பில் யாரோ அனுப்பி, முழுசாகப் பார்த்து முடித்தவர்களாகவே இருக்கலாம். "இந்த விஷயம் எனக்கு வேண்டாம்" என்று சொல்ல அங்கே தனி இடமே இல்லை.

மோசில்லா அறக்கட்டளை 2022-இல் இந்தப் பொத்தான்களை ஆராய்ந்தது, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் யூடியூப் பரிந்துரைகளை வைத்து. வேண்டாத பரிந்துரைகளை டிஸ்லைக் பொத்தான் தடுத்தது 12 சதவீதம், Not interested 11 சதவீதம், சேனலையே வேண்டாம் என்பது 43 சதவீதம் என்று அதன் அறிக்கை சொன்னது. அதற்கு யூடியூப் தந்த விளக்கத்தில், எங்கள் கட்டுப்பாடுகள் ஒரு முழு விஷயத்தையோ கருத்தையோ வடிகட்டுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது: ஒருவர் ஒரு வீடியோவை வேண்டாம் என்பதை அந்த விஷயத்தையே வேண்டாம் என்பதாக யூடியூபே எடுத்துக்கொள்வதில்லை. அப்படியிருக்க, ஒரு வீடியோவின் டிஸ்லைக்கை வைத்து நாம் மட்டும் விஷயத்தையே தூக்கிப் போடுவது எப்படிச் சரியாகும்?

எங்கே பார்ப்பது

2021 நவம்பரிலிருந்து டிஸ்லைக் எண்ணிக்கை பொதுவில் தெரிவதில்லை. கூட்டமாக வந்து சின்னச் சேனல்களைக் குறிவைத்து டிஸ்லைக் அடிப்பதைக் குறைக்கத்தான் மறைக்கிறோம் என்று யூடியூப் அப்போது சொன்னது. ஆனால் உங்கள் வீடியோவின் கணக்கு உங்களுக்குத் தெரியும். யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோவைத் திறந்து, அனாலிட்டிக்ஸ் போய், Engagement பகுதியில் பார்த்தால் லைக்-டிஸ்லைக் விகிதம் சதவீதமாக இருக்கும். லைக்கும் டிஸ்லைக்கும் சேர்ந்த மொத்தத்தில் லைக் எத்தனை சதவீதம் என்பதுதான் அது.

கணினியில் திறந்து Advanced mode போனால் இன்னும் விவரமாகக் கிடைக்கும். அங்கே டிஸ்லைக், இழந்த சப்ஸ்கிரைபர் இவற்றைத் தனித்தனி பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அப்புறம் Subscription status என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தால் சப்ஸ்கிரைப் செய்தவர்கள் ஒரு வரிசையிலும் செய்யாதவர்கள் ஒரு வரிசையிலும் பிரிந்து வருவார்கள். இந்த ஒரு பிரிப்பு இல்லாமல் டிஸ்லைக்கைப் படிக்க முயல்வதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது, ஏன் என்பது கீழே உதாரணத்தில் தெரியும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பத்துப் பேர் ஓட்டுப் போட்டு ஒருவர் டிஸ்லைக் கொடுத்தால் விகிதம் 90 சதவீதம். உங்கள் வழக்கமான விகிதம் 97 என்றால் ஏழு சதவீதம் விழுந்துவிட்டதே என்று பதற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரே ஒரு ஆள். எவ்வளவு ஏற்ற இறக்கம் சாதாரணம் என்பதற்குக் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு தோராய வழி இருக்கிறது: வழக்கப்படி எத்தனை டிஸ்லைக் விழ வேண்டுமோ அதன் வர்க்கமூலத்தைக் கண்டுபிடித்து, இரண்டு மடங்காக்கி, வழக்கமான எண்ணோடு கூட்டுங்கள். 400 ஓட்டில் 3 சதவீதம் என்றால் 12 டிஸ்லைக் எதிர்பார்க்கலாம். 12-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய மூன்றரை, இரண்டு மடங்கு ஏழு, ஆக 19 வரை வந்தாலும் அது காற்றடித்து ஆடுவது போன்ற சாதாரண ஆட்டம்தான். 25 வந்தால் கவனிக்கலாம். 90 வந்தால் நிச்சயம் ஏதோ நடந்திருக்கிறது. மொத்த ஓட்டே ஐம்பதைத் தாண்டாத வீடியோவில் இந்தக் கணக்கைப் போட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள், எண்கள் அவ்வளவு சின்னதாக இருக்கும்போது அவை எதையும் உறுதியாகச் சொல்லாது.

ஒரு மாடித்தோட்டச் சேனல்

ஒரு சேனலை வைத்துக்கொள்வோம். சேனலும் எண்களும் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை, ஆனால் இந்த மாதிரி எண்கள் நிஜத்தில் வரக்கூடியவைதான். மாடித்தோட்டம் பற்றிய தமிழ்ச் சேனல், இருபதாயிரம் சப்ஸ்கிரைபர். மண்புழு உரம், பஞ்சகவ்யா, மீன் அமிலம், பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் என்று இரண்டு வருடமாகப் போட்டு வருகிறார். ஒரு வீடியோவுக்கு வழக்கமாக எட்டாயிரம் வியூஸ், 400 லைக், 12 டிஸ்லைக், விகிதம் 97 சதவீதம். சராசரியாக வீடியோவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 45 சதவீதம் நேரம் பார்க்கிறார்கள்.

ஒருநாள் அவர் "பஞ்சகவ்யாவை விடுங்கள், 19:19:19 போடுங்கள்" என்று ஒரு வீடியோ போடுகிறார். 19:19:19 என்பது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் ரசாயன உரம், உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். வியூஸ் ஒன்பதாயிரம், கொஞ்சம் கூடுதல்தான். லைக் 310, டிஸ்லைக் 90. விகிதம் 77.5 சதவீதம். இதோடு நிறுத்தினால் "ரசாயன உரம் நம் சேனலுக்கு ஆகாத விஷயம்" என்று எழுதி மூடிவிடலாம். மூட வேண்டாம், பிரித்துப் பார்ப்போம்.

சப்ஸ்கிரைபர்கள் பார்த்தது ஐயாயிரம் முறை. அவர்கள் கொடுத்தது 210 லைக், 78 டிஸ்லைக், விகிதம் 73. சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் பார்த்தது நாலாயிரம் முறை, 100 லைக், 12 டிஸ்லைக், விகிதம் 89. அதாவது தொண்ணூறு டிஸ்லைக்கில் எழுபத்தெட்டு சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. வெளியாட்களும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் முகம் சுளித்திருக்கிறார்கள், ஆனால் அங்கே மொத்த ஓட்டே 112, வழக்கப்படி மூன்று நான்கு டிஸ்லைக் எதிர்பார்த்த இடத்தில் பன்னிரண்டு, சரி, அதையும் குறித்துக்கொள்வோம்.

அடுத்து, எவ்வளவு நேரம் பார்த்தார்கள்? சராசரி 47 சதவீதம், வழக்கத்தைவிட ஒரு துளி அதிகம். இதுதான் இந்த வீடியோவில் மிக முக்கியமான எண் என்று நான் சொல்வேன். விஷயம் பிடிக்காதவர்கள் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், போய்விடுவார்கள். இவர்கள் போகவில்லை. பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்கள். கமெண்டிலும் "இவ்வளவு நாள் இயற்கைன்னு சொல்லிட்டு இப்ப கெமிக்கலா?" என்ற மாதிரியான வரிகள் வந்தால் படம் தெளிவாகிவிடும். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசிய காலத்திலிருந்து இயற்கை விவசாயம் பலருக்கு வெறும் தொழில்நுட்பமாக இல்லை, வாழ்க்கையில் எடுத்துக்கொண்ட ஒரு நிலைப்பாடாக இருக்கிறது. மாடியில் நாலு தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறவர் பலரும் "என் பிள்ளைக்கு மருந்தடிக்காத காய் கொடுக்கணும்" என்பதற்காகத்தான் அதை ஆரம்பித்திருப்பார். அவரிடம் பஞ்சகவ்யாவை விடு என்றால் அது உர ஆலோசனையாகக் காதில் விழாது.

இழந்த சப்ஸ்கிரைபர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமாக ஒரு வீடியோவுக்கு ஐந்து பேர் விலகுவார்கள், இதில் 41 பேர். டிஸ்லைக் அடிப்பது ஒரு நொடிக் கோபமாக இருக்கலாம், சப்ஸ்கிரிப்ஷனை எடுத்துவிடுவது அதைவிடக் கனமான செயல். இந்த எண் அந்த வீடியோவின் பக்கத்திலிருந்தே விலகியவர்களை மட்டும் காட்டும், பிறகு வேறு எங்கிருந்தோ விலகியவர்கள் இதில் வர மாட்டார்கள், ஆகவே உண்மையான இழப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் சேர்த்தால் என்ன தெரிகிறது? செடிக்கு என்ன சத்து போடுவது என்ற விஷயம் இந்தப் பார்வையாளர்களுக்கு நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. வந்தார்கள், பார்த்தார்கள், சண்டை போடும் அளவுக்கு அக்கறை காட்டினார்கள். பொருந்தாமல் போனது அதில் எடுத்த நிலைப்பாடும், "விடுங்கள்" என்ற அந்தத் தலைப்புத் தொனியும்.

இப்போது ஊட்டி வீடியோ

அதே சேனல்காரர் மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து ஒரு வீடியோ போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகான படப்பிடிப்பு. 58 லைக், ஒரு டிஸ்லைக். விகிதம் 98 சதவீதம், சேனலின் வழக்கத்தைவிட மேல்! விகிதத்தை மட்டும் பார்க்கிறவர் இதைத்தான் வெற்றி என்பார்.

ஆனால் வியூஸ் ஆயிரம்தான். ஏன் என்று தேட Reach பகுதிக்குப் போக வேண்டும். அங்கே இம்ப்ரெஷன் என்று ஒரு எண் இருக்கும், அதாவது உங்கள் தம்ப்நெயில் பாதிக்குக் குறையாமல், ஒரு நொடிக்கு மேல், ஒருவர் திரையில் தெரிந்த தடவைகள். அதில் எத்தனை சதவீதம் கிளிக்காக மாறியது என்பது கிளிக் விகிதம். வழக்கமான வீடியோவுக்கு இவருக்கு 6 சதவீதம், ஊட்டிக்கு 2.5 சதவீதம். யூடியூபின் உதவிப் பக்கம் சொல்வதன்படி பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2-இலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும், எனவே 2.5 என்பதைத் தனியாகப் பார்த்தால் மோசமில்லை. தன் வழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் அது விழுந்திருப்பது தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிளிக் விகிதம் குறைந்தாலே ஆர்வமில்லை என்று அர்த்தமில்லை. யூடியூப் ஒரு வீடியோவைப் புதுப்புது ஆட்களுக்கு அதிகமாகக் காட்ட ஆரம்பித்தாலும் விகிதம் இறங்கும், ஏனென்றால் அவர்களுக்கு உங்களைத் தெரியாது. நன்றாக ஓடும் வீடியோவிலேயே இது நடக்கும். எனவே மொத்த விகிதத்தை விட்டுவிட்டு, வீடியோவுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலில் Browse features என்பதைத் திறந்து, அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தின் கணக்கை மட்டும் எடுங்கள். அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் தான் சப்ஸ்கிரைப் செய்த சேனல்களின் புது வீடியோக்களைப் பெரும்பாலும் வந்த வரிசையிலேயே பார்க்கிறார். பரிந்துரை இயந்திரத்தின் கை அங்கே குறைவு, அந்நியர்களும் கிடையாது. உங்களை விரும்பித் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், உங்கள் தம்ப்நெயிலைப் பார்த்துவிட்டு, தொடாமல் கீழே போகிறார். Not interested எத்தனை என்று நமக்குத் தெரியாத குறையை ஓரளவு நிரப்புவது இந்த இடம்தான். நம் உதாரணத்தில் வழக்கமாக இங்கே 9 சதவீதம் கிளிக், ஊட்டிக்கு 3.

வழக்கமாக இங்கிருந்து கிளிக் செய்து வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் கோபப்படவில்லை, குறை சொல்லவில்லை, வெறுமனே தாண்டிப் போய்விட்டார்கள். உள்ளே வந்த கொஞ்சம் பேர் ஏற்கெனவே இவர் எது போட்டாலும் பார்க்கிறவர்கள், அவர்கள் லைக் போட்டதால் விகிதம் 98. உள்ளே வந்தவர்களின் ஓட்டு மட்டும்தான் விகிதத்தில் எண்ணப்படுகிறது. பொருந்தாத விஷயம் என்று சொல்ல வேண்டுமென்றால் இந்த இரண்டில் நான் ஊட்டி வீடியோவைத்தான் சொல்வேன்.

ஷார்ட்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம். தள்ளிவிட்டுப் போனவர்கள் எத்தனை சதவீதம், நின்று பார்த்தவர்கள் எத்தனை சதவீதம் என்று ஸ்டுடியோவே காட்டிவிடுகிறது. ஆனால் ஷார்ட்ஸ் பெரும்பாலும் உங்களைத் தெரியாதவர்களுக்குத்தான் போகும், எனவே அந்தத் தள்ளிவிடல் உங்கள் பார்வையாளர்களின் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்தோடு சம்பந்தமே இல்லாத டிஸ்லைக்

இரண்டு வகை டிஸ்லைக் விஷயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, அவற்றை முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

முதல் வகை, தலைப்பு ஒன்று சொல்லி வீடியோ வேறு சொன்னதால் வரும் ஏமாற்றம். "ஒரே வாரத்தில் மல்லி பூக்கும்" என்று தம்ப்நெயிலில் போட்டுவிட்டு உள்ளே நாலு நிமிடம் தொட்டி வாங்கிய கதை பேசினால் டிஸ்லைக் விழும், அதற்கு மல்லி மேல் பழி போட முடியாது. இதைக் கண்டுபிடிக்க, பார்வையாளர்கள் எந்த நொடியில் வெளியேறுகிறார்கள் என்ற கோட்டைப் பாருங்கள். முதல் அரை நிமிடத்தில் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்பதையும் ஸ்டுடியோ சொல்லும். கிளிக் விகிதம் வழக்கத்தைவிட அதிகம், ஆனால் முப்பதாவது நொடிக்குள் கோடு செங்குத்தாக விழுகிறது, டிஸ்லைக்கும் கூடியிருக்கிறது என்றால், ஆட்கள் விஷயத்துக்காக ஆசையாக வந்திருக்கிறார்கள், அது கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள். மல்லி இவர்களுக்கு நிச்சயம் வேண்டும், சொன்னதைக் கொடுக்கும் ஒரு வீடியோவாக அதை மறுபடி எடுங்கள்.

இரண்டாவது வகை, கூட்டமாக வந்து அடிப்பது. இதற்கு அடையாளம் நேரம். Advanced mode-இல் டிஸ்லைக்கை நாள்வாரியாகப் போட்டுப் பாருங்கள். சாதாரண டிஸ்லைக் வியூஸ் கூடும்போது கூடி, குறையும்போது குறையும். வியூஸ் அப்படியே இருக்க ஒரே நாளில் டிஸ்லைக் மட்டும் மலைபோல் எழுந்து மறுநாள் அடங்கினால், அதுவும் பெரும்பாலும் சப்ஸ்கிரைபர் அல்லாதவர்களிடமிருந்து வந்திருந்தால், யாரோ எங்கேயோ உங்கள் இணைப்பைப் பகிர்ந்து ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். நம் உர வீடியோவில் அப்படியில்லை, டிஸ்லைக் முதல் நான்கைந்து நாட்கள் வியூஸோடு சேர்ந்தே வந்தது, உள்ளாட்களிடமிருந்து வந்தது. அது நிஜமான குரல்.

எப்போது படிப்பது என்பதும் முக்கியம். வீடியோ போட்ட முதல் இரண்டு நாள் பெரும்பாலும் சப்ஸ்கிரைபர்கள்தான் பார்ப்பார்கள், தேடி வருகிறவர்கள் பிறகு மெதுவாக வருவார்கள். உர வீடியோவின் முதல் இரண்டு நாள் விகிதம் 70-க்கும் கீழே இருந்து, மாதக் கடைசியில் 77.5-க்கு ஏறியிருக்கலாம். சொந்தப் பார்வையாளர்களின் மனசு தெரிய வேண்டுமென்றால் முதல் நாட்கள், விஷயத்துக்கு வெளியே தேவை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு மாதம்.

அடுத்த வீடியோவில் சோதிப்பது

ஒரே வீடியோவை வைத்து விஷயத்தைக் கைவிடவும் வேண்டாம், ஒன்றும் நடக்காதது போல அதே மாதிரி இன்னொன்று போடவும் வேண்டாம். ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றி இரண்டாவது வீடியோ போடுங்கள். நம் சேனல்காரர் விஷயத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிலைப்பாட்டை மாற்றலாம்: "மண்புழு உரம் போட்டும் இலை மஞ்சளாகிறதா? தொட்டியில் சத்து எங்கே போகிறது". தொட்டியில் மண் குறைவு, தினமும் தண்ணீர் ஊற்றும்போது சத்து அடியில் உள்ள துளை வழியே கரைந்து வெளியேறுகிறது, அதனால் வயலில் போதுமான அளவு தொட்டியில் போதாமல் போகலாம் என்று விளக்கிவிட்டு, முதலில் இயற்கை உரத்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது எப்படி என்று காட்டி, கடைசியில் விரும்புகிறவர்களுக்கு 19:19:19 ஒரு வழி, அளவு மிஞ்சினால் வேர் கருகும் என்று சொல்லலாம்.

இதற்குச் சப்ஸ்கிரைபர் விகிதம் 93, 94-க்கு வந்துவிட்டால், பிரச்சினை தொனியில்தான் இருந்தது, சத்து மேலாண்மை பற்றி அவர் இன்னும் பத்து வீடியோ போடலாம். மறுபடியும் 73-லேயே நின்றால், ரசாயன உரம் என்ற பேச்சே இவர்களுக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும்கூட, அவர்களுக்கு வேண்டாம் என்பதும் அது தவறான தகவல் என்பதும் ஒன்றில்லை. நீங்கள் சொன்னது உண்மையாகவும் ஒருவரின் செடியைக் காப்பாற்றக்கூடியதாகவும் இருந்தால், 41 பேர் போனாலும் அந்த வீடியோவை நீக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தேடி வருகிறவர்களுக்கு அது பயன்படும், சப்ஸ்கிரைப் செய்யாதவர்களிடம் விகிதம் 89 இருந்ததே.

ஊட்டி வீடியோவுக்கும் இன்னொரு சோதனை கொடுக்கலாம். கண்காட்சியைச் சுற்றிக் காட்டுவதற்குப் பதிலாக, அங்கே பார்த்த ஒரு பூச்செடி சென்னை வெயிலில் மாடியில் வருமா, வராதா என்று எடுத்தால், அதே பயணம், ஆனால் பார்க்கிறவரின் தொட்டிக்கு வந்துவிடுகிறது. சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் கிளிக் 3-லிருந்து 7, 8-க்கு ஏறினால் பூக்கள் மேல் ஆர்வம் இருக்கிறது, பயண வீடியோ மேல்தான் இல்லை. மறுபடியும் 3 என்றால், ஒரு டிஸ்லைக்கூட விழாவிட்டாலும், அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிடலாம்.